மீசை எப்படி பெண்பால் ஆச்சு: ஒரு ஹிந்தி ஒர்க்ஷீட்டோட நிகழ்வு ஆய்வு

"மிஸ், சீதா பொண்ணுதானே? அப்போ 'கீ'ன்னுதானே வரணும், என் பொண்ணு கரெக்டாத்தானே எழுதிருக்கா, இதுக்கு ஏன் தப்பு போட்டிருக்காங்க?" ஒர்க்ஷீட் போட்டோவோட ஒரு அம்மா வாட்ஸப்ல கேட்டது இதுதான். சீதாவோட அண்ணன்னு சொல்றதுக்கு 'சீதா __ பாயி'ன்னு ஒரு கோடிட்ட இடம், நம்ம 'ஓட'க்கு ஹிந்தில வர்ற காவா கீயான்னு போடணும், பொண்ணு கீ போட்டிருந்தா. 25க்கு 11 மார்க். அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லிட்டு விட்டிருக்கலாம், ஆனா அந்த ஒரு பக்கத்தை முழுசா உக்காந்து பாத்தா இங்க ஹிந்தி ஆரம்பிக்கிற பிள்ளைங்க எங்க எங்க வழுக்குறாங்கன்னு கிட்டத்தட்ட எல்லாமே அதுல இருக்கு, அதனால விலாவாரியா எழுதி வைக்கிறேன். நான் மதுரைல ஹிந்தி டியூஷன் எடுக்குறேன், பிரச்சார சபாவோட பரிசயா, பிராத்மிக் பரீட்சைக்கு வர்ற பிள்ளைங்கதான் என்கிட்ட அதிகம், இந்த மாதிரி சிபிஎஸ்இ பிள்ளைங்க நடுவுல நடுவுல வருவாங்க.

முதல்ல பொண்ணைப் பத்தி. ஏழாம் கிளாஸ். போன வருஷம் வரைக்கும் அரசு பாடத்திட்டம், அங்க 1968ல இருந்து தமிழும் இங்கிலீஷும் மட்டும்தான், அதனால ஹிந்தி எழுத்தே இந்த வருஷம்தான் கத்துக்கிட்டா. கூடப் படிக்கிறதுங்க எல்லாம் ஒண்ணாம் கிளாஸ்ல இருந்து படிச்சு வந்ததுங்க. அதனால இவளுக்குத் தனியா ஒரு ஆரம்ப நிலை ஷீட் குடுத்திருக்காங்க. மூணு பகுதி. முதல் பகுதி படத்தையும் வார்த்தையையும் கோடு போட்டு சேக்குறது, 6 மார்க். ரெண்டாவது 10 வார்த்தைக்கு நேரா புல்லிங்கா ஸ்த்ரீலிங்கான்னு எழுதுறது, அதாவது ஆண்பாலா பெண்பாலா. மூணாவது சின்னச் சின்ன வாக்கியம், கொஞ்சம் கோடிட்ட இடம், கொஞ்சம் தமிழ்ல இருந்து ஹிந்திக்கு மாத்துறது, 9 மார்க். அவ வாங்கினது முறையே 4, 4, 3.

போட்டோவைப் பத்தி ஒரு வார்த்தை சொல்லணும், ஏன்னா முதல்ல வந்த போட்டோவை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாத நிலை. பேப்பரை மடில வச்சுக்கிட்டு சாய்வா எடுத்தது, கீழ்ப் பகுதில கை நிழல். ஹிந்தில இது பெரிய சிக்கல். எழுத்துக்கு மேல போற சின்னக் கோடும் புள்ளியும்தான் அர்த்தத்தையே மாத்தும். 'மே'ன்னா உள்ளே, 'மை'ன்னா நான், ரெண்டுக்கும் வித்தியாசம் தலைக்கு மேல ஒரு கோடா ரெண்டு கோடாங்கிறது மட்டும்தான். 'இருக்கு'ங்கிற 'ஹை' ஒருமை, அதையே மூக்குல சொன்னா பன்மையும் மரியாதையும், அதுக்கு மேல ஒரே ஒரு புள்ளி கூடும். பென்சில்ல எழுதின புள்ளி நிழல்ல காணாமப் போயிடும், பிள்ளை எழுதலையா இல்ல போட்டோல விழலையான்னு நமக்குத் தெரியாது. வாட்ஸப் வேற படத்தை நசுக்கி அனுப்பும். அதனால ஜன்னல் பக்கத்துல தரைல பேப்பரை விரிச்சு, நேரா மேல இருந்து எடுத்து, படமா அனுப்பாம டாக்குமெண்டா அனுப்புங்கன்னு சொன்னேன், அப்பதான் எடுத்தது எடுத்தபடியே வரும். ரெண்டாவது போட்டோல புள்ளியெல்லாம் தெரிஞ்சுது, அதோட முதல் போட்டோல தெரியாத இன்னொண்ணும் தெரிஞ்சுது. ஒவ்வொரு ஹிந்தி வார்த்தைக்கு மேலயும் லேசா பென்சில்ல தமிழ்ல எழுதி வச்சிருக்கா.

அதுலதான் முதல் பகுதில போன ரெண்டு மார்க்கும் இருக்கு. வீடு, மேசை, புக், குருவி நாலும் சரி. தப்பானது ரெண்டு படம், ஒண்ணு தட்டுல சாப்பாடு, இன்னொண்ணு மைக் முன்னாடி பாடுற பொண்ணு. அந்த ரெண்டு வார்த்தைக்கு மேலயும் அவ எழுதி வச்சிருந்தது ஒண்ணேதான், கானா. சாப்பாட்டுக்கும் கானா, பாட்டுக்கும் கானா. ஹிந்தில சாப்பாட்டுக்கு வர்றது க வரிசையோட ரெண்டாவது எழுத்து, காத்தை ஊதிச் சொல்றது, பாட்டுக்கு வர்றது மூணாவது எழுத்து, தொண்டைல அதிர்ந்து வர்றது. நம்ம தமிழ் எழுத்துல நாலுக்கும் ஒரே க. படிக்கும்போது அவ ஹிந்தி எழுத்தைப் பாக்கவே இல்லை, மேல இருந்த தமிழைப் படிச்சா, ரெண்டும் ஒண்ணா இருந்துச்சு, குத்துமதிப்பா கோடு போட்டுட்டா. (சென்னைக் கானாப் பாட்டு வேற தலைல ஓடிருக்கும், அதை வச்சாவது ஒண்ணை சரியாப் போட்டிருக்கலாம்.) இந்த மாதிரி கோடு இழுக்குற பகுதில ஒரு குழப்பம் வந்தா எப்பவும் ரெண்டு மார்க் போகும், ஒண்ணை மாத்திப் போட்டா இன்னொண்ணும் தானா மாறிடுமில்ல, அதனால 6க்கு 4ன்னா அவளுக்கு ரெண்டு வார்த்தை தெரியலைன்னு அர்த்தம் இல்லை, ஒரு வித்தியாசம் தெரியலைன்னுதான் அர்த்தம்.

தமிழ்ல எழுதி வச்சுப் படிக்காதேன்னு அதட்டுறதுல எனக்கு நம்பிக்கை இல்லை. புது எழுத்து படிக்கிற பிள்ளை எதையாவது பிடிச்சுக்கத்தான் செய்யும். பாட்டிங்க வச்சிருக்குற ஸ்லோக புக்ல பாத்திருப்பீங்க, க பக்கத்துல குட்டியா 2, 3, 4ன்னு நம்பர் போட்டிருக்கும், நம்பர் இல்லைன்னா முதல் க. அதையேதான் சொல்லிக் குடுத்தேன். சாப்பாட்டுக்கு க போட்டு 2, பாட்டுக்கு க போட்டு 3, வீட்டுக்கு வர்ற 'கர்'ல 4. நம்பர் போடணும்னா ஹிந்தி எழுத்தை ஒரு தடவை உத்துப் பாத்தே ஆகணும், எனக்கு வேண்டியது அதுதான். கொஞ்ச நாள்ல நம்பரும் வேண்டாம் தமிழும் வேண்டாம்னு அதுவா விட்டுப் போயிடும்.

இப்ப ரெண்டாவது பகுதி, பால். பத்து வார்த்தை: குர்சி, கம்ரா, ரோட்டி, பானி, மாலா, சிடியா, கர், கிதாப், மூஞ்ச், தஹி. அதாவது நாற்காலி, ரூம், சப்பாத்தி, தண்ணி, மாலை, குருவி, வீடு, புக், மீசை, தயிர். அவ எழுதின பதிலை வரிசையா பாத்தாலே தலைக்குள்ள என்ன ஓடிருக்குன்னு புரிஞ்சிடும். கடைசில ஈ சத்தம் வந்தா பெண்பால், ஆ சத்தம் வந்தா ஆண்பால், இது ரெண்டும் இல்லைன்னா யோசிச்சு ஒண்ணு. இதை கிளாஸ்ல சொல்லிக் குடுத்திருப்பாங்க, லட்கா லட்கீன்னு ஆரம்பிச்சு. குர்சி, ரோட்டி பெண்பால், கம்ரா ஆண்பால், மூணும் சரியா வந்துச்சு. அதே விதியால பானியும் தஹியும் பெண்பால்னு எழுதினா, ரெண்டும் தப்பு. மாலாவும் சிடியாவும் ஆண்பால்னு எழுதினா, அதுவும் தப்பு.

இந்த நாலையும் விதிவிலக்கு, மனப்பாடம் பண்ணுன்னு சொல்லி விட்டுடறதுதான் வழக்கம். ஆனா இதுக்குப் பின்னாடி ஒரு கணக்கு இருக்கு, அதுவும் தமிழ் தெரிஞ்சவங்களுக்கு ரொம்ப சவுகரியமான கணக்கு. சமஸ்கிருதத்துல மூணு பால், ஹிந்திக்கு வர்றப்போ ஆணும் இல்லாம பொண்ணும் இல்லாம நடுவுல இருந்த நபும்சகம் காணாமப் போச்சு, அதுல இருந்த வார்த்தைங்க பெரும்பாலும் ஆண்பால் பக்கம் சாஞ்சிருச்சு. பானி வந்தது பானீயத்துல இருந்து, நெய்க்குச் சொல்ற கீ வந்தது க்ருதத்துல இருந்து, முத்துக்குச் சொல்ற மோத்தி மௌக்திகத்துல இருந்து, தஹி வந்தது ததில இருந்து, பெருமாள் கோயில் தத்தியோன்னத்துல இருக்கே அதே ததி. எல்லாம் மூல மொழில நபும்சகம். தேஞ்சு தேஞ்சு கடைசில ஈ சத்தம் வந்து நின்னுச்சே தவிர பெண்பாலா மாறலை.

மாலா கதை வேற. சமஸ்கிருதத்துல ஆ சத்தத்துல முடியுற பெண்பால் வார்த்தைங்க அப்படியே ஹிந்திக்கு வந்துருச்சு, அதுங்களே தமிழுக்கும் வந்துச்சு, ஆனா தமிழ்ல நுழையுறப்போ ஐ சத்தமா மாறிடுச்சு. மாலா மாலை, பாஷா பாஷை, பூஜா பூஜை, கதா கதை, யாத்ரா யாத்திரை, பரீக்ஷா பரீட்சை, சபா சபை, சேனா சேனை, திஷா திசை. அதனால ஆ சத்தத்துல முடியுற ஒரு ஹிந்தி வார்த்தையைப் பாத்தா, இது தமிழ்ல ஐ போட்டு நம்மகிட்ட இருக்கான்னு ஒரு செகண்ட் யோசி, இருந்தா கண்ணை மூடிட்டு ஸ்த்ரீலிங்னு எழுது. இதை அந்தப் பொண்ணுகிட்ட சொன்னப்போ முகம் மலர்ந்துச்சே பாக்கணும், அவளே சிட்சை பிட்சைன்னு அடுக்க ஆரம்பிச்சுட்டா. ஆனா ஓட்டை இல்லாத விதி இல்லை, தேவதை இருக்கு பாருங்க, ஹிந்தில தேவ்தா ஆண்பால். அதே மாதிரி தமிழ்ல அம் போட்டு முடியுற வடமொழி வார்த்தைங்க ஹிந்தில பெரும்பாலும் ஆண்பால், நகரம், ஞானம், ஜலம், புஷ்பம் எல்லாம். அதுலயும் புஸ்தகம் மட்டும் காலை வாரிடும், ஹிந்தில புஸ்தக் பெண்பால். சிடியாவுக்கு இந்த வழியும் கிடையாது, அது 'இயா'ன்னு முடியுற சின்ன உருவ வார்த்தை, பொம்மைக்குச் சொல்ற குடியா, சின்ன டப்பாவுக்குச் சொல்ற டிபியா மாதிரி, இதுங்க பெண்பால்.

தஹிக்கு அவ பெண்பால்னு எழுதினது தப்புன்னு போட்டது இலக்கணப்படி சரிதான். ஆனா பீஹார் பக்கமும் கிழக்கு உத்தரப் பிரதேசத்துலயும் ஹிந்தியே பேசி வளந்தவங்க 'தஹி கட்டீ ஹை'ன்னு பெண்பாலாத்தான் சொல்லுவாங்க, மத்தவங்க அதை வச்சு கிண்டல் பண்ணுவாங்க. அதனால அந்த ஒரு மார்க்குக்காக பொண்ணை யாரும் திட்ட வேண்டாம்னு அம்மாகிட்ட சொன்னேன்.

மீதி மூணு வார்த்தை, கர், கிதாப், மூஞ்ச். இதுக்கு விதி கைகுடுக்காது. மூணையும் ஆண்பால்னு எழுதிருந்தா, கர் மட்டும் சரி. மூஞ்சுக்கு ஏன் ஆண்பால்னு கேட்டேன். "மீசை ஆம்பளைங்களுக்குத்தானே மிஸ் இருக்கும்." இந்தப் பதில்தான் இந்தக் கேஸோட சாவி. மீசை ஹிந்தில பெண்பால். தாடியும் பெண்பால். போலீஸும் ராணுவமும் பெண்பால், தாலிக்குச் சொல்ற மங்கள்சூத்ரும் வளையலுக்குச் சொல்ற கங்கனும் ஆண்பால். யார் போட்டுக்குறாங்க, யாருக்கு முளைக்குதுங்கிறதுக்கும் வார்த்தையோட பாலுக்கும் சம்பந்தமே இல்லை.

நமக்கு அது ஏன் மண்டைல ஏற மாட்டேங்குதுன்னா, தமிழ்ல பால்ங்கிறது ஆளைப் பொறுத்தது. உயர்திணையா இருந்தா ஆணா பொண்ணான்னு பாப்போம், அஃறிணைன்னா பேச்சே இல்லை, எல்லாம் 'அது'. மீசையும் மேசையும் வீடும் ஒண்ணுதான். அதனால நம்ம பிள்ளைங்க பால்னு கேட்டதும் பக்கத்துல ஒரு ஆளைத் தேடுவாங்க. வார்த்தைலயே ஆள் இருந்தா அவங்களைப் பிடிச்சுப்பாங்க, இல்லைன்னா அந்தப் பொருளை யார் வச்சிருக்காங்கன்னு பாப்பாங்க. இந்த ஆளைத் தேடுற பழக்கத்தை மனசுல வச்சுக்கிட்டு மூணாவது பகுதியைப் பாருங்க, கா, கீ தப்பெல்லாம் வரிசையா அவுந்து வரும்.

கோடிட்ட இடம் நாலு இருந்துச்சு, காவா கீயா போடணும். "சீதா __ பாயி", சீதாவோட அண்ணன், கீன்னு எழுதிருக்கா, தப்பு. "ரவி __ பஹன்", ரவியோட தங்கச்சி, கான்னு எழுதிருக்கா, தப்பு. "ராம் __ கர்", கா, சரி. "சீதா __ கிதாப்", கீ, சரி. இங்க சரியா போனதையும் தப்பா போனதையும் பிரிச்சுப் பாத்தா ஒண்ணும் விளங்காது, நாலையும் சேத்துப் பாக்கணும். ராம் பையன், அதனால கா. சீதா பொண்ணு, அதனால கீ. ரவி பையன், அதனால கா. நாலு இடத்துலயும் ஒரே விதியைத்தான் சுத்தமா பின்பற்றிருக்கா, அந்த விதிதான் தப்பு. சரின்னு டிக் போட்ட ரெண்டும் தற்செயலா சரி, ஏன்னா வீடு ஆண்பாலா இருந்து தொலைச்சுது, புக் பெண்பாலா இருந்து தொலைச்சுது. ஷீட்ல ராமோட வீடும் சீதாவோட புக்கும் மட்டும் இருந்திருந்தா இவளுக்கு எல்லாம் தெரியும்னு டீச்சர் நினைச்சிருப்பாங்க. அதுலயும் வேடிக்கை, ரெண்டாம் பகுதில கிதாப் ஆண்பால்னு எழுதினவ மூணாம் பகுதில அதுக்கு கீ போட்டு டிக் வாங்கிருக்கா. ஒரே பக்கத்துல ரெண்டும் இருக்கு, யாரும் கண்டுக்கலை. நான் ஷீட் தயார் பண்ணினா பையன் பேருக்குப் பக்கத்துல பெண்பால் பொருளும் பொண்ணு பேருக்குப் பக்கத்துல ஆண்பால் பொருளும்தான் வைப்பேன், ரவியோட நாற்காலி, சீதாவோட ரூம் இப்படி. அப்பதான் யாருக்கு நிஜமா தெரியும்னு தெரியும்.

தமிழ்ல 'ஓட' மாறவே மாறாது, சீதாவோட அண்ணன், ரவியோட தங்கச்சி. அப்போ இவளுக்கு இந்தப் பழக்கம் எங்கேருந்து வந்துச்சுன்னா, அவனோட அவளோடங்கிறதுல இருந்தும், இங்கிலீஷ்ல ஹிஸ், ஹெர் படிச்சதுல இருந்தும். அங்க ரெண்டுலயும் சொந்தக்காரர் ஆணா பொண்ணான்னு வார்த்தை சொல்லிடும். ஹிந்தில உஸ்கா, உஸ்கீ பாத்ததும் உஸ்கான்னா அவனோட, உஸ்கீன்னா அவளோடன்னு நோட்ல எழுதியே வச்சிருக்கா. அது இல்லை. 'உஸ்கீ கிதாப்'னா அவனோட புக்காவும் இருக்கலாம், அவளோட புக்காவும் இருக்கலாம், கீ வந்தது புக்குக்காக. யாருடையதுங்கிறது முன்னாடி பின்னாடி பேச்சுல இருந்துதான் தெரியணும்.

அதனால அம்மா கேட்ட கேள்விக்கு நான் அனுப்பின பதில் ரொம்பச் சின்னது. சீதா பொண்ணுதான், ஆனா இங்க சீதாவை யாரும் கேக்கலை, அண்ணனைத்தான் கேக்குறாங்க. கா, கீக்கு இடது பக்கம் திரும்பிப் பாக்கவே கூடாது, வலது பக்கம் என்ன வார்த்தை நிக்குதோ அதோட பால்தான் கணக்கு.

இன்னொரு கோடிட்ட இடமும் இருந்துச்சு, "ராம் __ கர் மே", ராமோட வீட்டுல. அவ கான்னு எழுதி மார்க் போச்சு, சரியான பதில் கே. வீட்டுக்குப் பின்னாடி மே, பர், சே, கோன்னு எதாவது ஒட்டினா ஆண்பால் கா, கேயா மாறிடும், பெண்பால் கீ அப்படியே நிக்கும். இது உண்மைல அடுத்த பாடம், ஆரம்ப ஷீட்ல இதை நுழைச்சிருக்கத் தேவையில்லை. வலது பக்கம் பாருங்கிற விதியை இப்பத்தான் பிடிச்ச பிள்ளைகிட்ட உடனே, வலது பக்கத்துக்கும் வலது பக்கம் பாருன்னு சொன்னா ரெண்டும் போயிடும். இந்தத் தப்பை நான் வேணும்னே தொடாம விட்டேன்.

வாக்கியத்துக்கு வருவோம். "நான் ஸ்கூலுக்குப் போறேன்"னு தமிழ்ல இருந்தது, அவ எழுதினது 'மை ஸ்கூல் ஜாதா ஹூன்'. ஒரு பையன் எழுதிருந்தா முழு மார்க். பொண்ணு சொன்னா 'ஜாதீ ஹூன்'. தமிழ்ல ஓடுறான், ஓடுறா, ஓடுதுன்னு வினைல பால் உண்டு, ஆனா நான்னு வந்துட்டா ஆணோ பொண்ணோ போறேன்தான், அதனால இங்க பால் பாக்கணும்னு தோணவே தோணாது. பாடத்துல குடுத்த மாதிரி வாக்கியம் வேற பையன் பேசுற மாதிரியே இருந்திருக்கு, அதைப் பாத்து அப்படியே எழுதிட்டா. இங்க மட்டும் ஆளைத் தேடுற பழக்கம் கைகுடுக்கும், ஏன்னா இங்க ஆள்தான் எழுவாய், அந்த ஆள் அவளேதான். இதை ஒரு தடவை சொன்னதும் பிடிச்சுக்கிட்டா. பொருள் எழுவாயா வர்றப்போதான் திரும்ப மாட்டுவாங்க. வண்டி ஓடுது, ஃபேன் ஓடுதுன்னு நமக்கு ஒரே ஓடுது, அங்க 'காடீ சல்தீ ஹை', 'பங்கா சல்தா ஹை'.

"இது புத்தகம்"ங்கிறதை 'யஹ் கிதாப்'னு எழுதி ஹை விட்டுட்டா. தமிழ்ல அந்த வாக்கியத்துக்கு வினை கிடையாது, அதனால அவளுக்கு வாக்கியம் முடிஞ்ச மாதிரியே இருந்திருக்கு. இது பெரிய விஷயம் இல்லை, எழுதி முடிச்சதும் கடைசில வினை இருக்கான்னு பாருன்னு சொன்னா சரியாயிடும்.

"சிவப்புப் புடவை"க்கு 'லாலீ சாடீ'ன்னு எழுதிருந்தா. இதைப் பாத்து எனக்குச் சந்தோஷம்தான் வந்துச்சு. காலா, காலீ ஆகுது, நீலா, நீலீ ஆகுது, அப்போ சிவப்பும் மாறணுமேன்னு அவளா யோசிச்சிருக்கா, அதுவும் புடவையோட பாலைப் பாத்து மாத்திருக்கா, ஆளைத் தேடலை. தப்பு எங்கன்னா, ஆ சத்தத்துல முடியுற பண்புச் சொல்தான் மாறும், லால், சுந்தர், சாஃப் இதெல்லாம் எந்தப் பாலுக்கும் அசையாது. ஹை இல்லாததும் லாலீயும் ஒரே மாதிரி ஒரு மார்க் போன தப்பு, ஆனா ஒண்ணு தமிழ்லயே நின்னு எழுதினது, இன்னொண்ணு ஹிந்திக்குள்ள பாதி தூரம் வந்து எழுதினது.

"என் அப்பா டீச்சர்" மட்டும் அப்படியே சரி, 'மேரே பிதாஜி அத்யாபக் ஹை', மூக்கொலிப் புள்ளியோட. முதல் போட்டோல அந்தப் புள்ளி தெரியாமத்தான் நான் தப்புன்னு சந்தேகப்பட்டது. அப்பாவுக்கு மரியாதைப் பன்மை போடணும்னு அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதே இல்லை, வீட்டுல அப்பா வந்தார், அம்மா வந்தாங்கன்னுதானே பேசுறா. வேற ஊர்ப் பிள்ளைங்க முட்டி மோதுற இடத்துல நம்ம பிள்ளைங்க சுலபமா தாண்டிப் போறது இங்கதான்.

இனி என்ன பண்ணினோம்னு சொல்றேன். மூணாம் பகுதித் தப்பை மூணாம் பகுதில திருத்த முடியாதுங்கிறது என் முடிவு. கர், கிதாப், சிடியா மூணும் முதல் பகுதிலயே படமா வந்த வார்த்தைங்க. படத்தைப் பாத்து கோடு போட்டப்போ அவளுக்கு பாலோட தேவையே இல்லை, அதனால பால் இல்லாமலே வார்த்தை மனசுல உக்காந்துருச்சு. ரெண்டாம் பகுதில பால் கேட்டப்போ உள்ள ஒண்ணும் இல்லை, யோசிச்சு உருவாக்க வேண்டியதாப் போச்சு. அதனால அதே ஷீட்டோட முதல் பகுதியை நோட்ல திரும்ப வரைஞ்சு, வெறும் வார்த்தை எழுதாம, ஒவ்வொரு படத்துக்கும் முன்னாடி 'என்'னு அர்த்தம் வர்ற மேரா இல்ல மேரீ சேத்து எழுத வச்சேன். மேரா கர், மேரீ கிதாப், மேரீ மேஸ், மேரீ சிடியா, மேரா கானா ரெண்டு தடவை, நம்பர் 2 ஒண்ணு, நம்பர் 3 ஒண்ணு. புல்லிங், ஸ்த்ரீலிங்னு அடைப்புக்குறிக்குள்ள எழுதி வைக்கிறது எல்லாரும் பண்றதுதான், எனக்கு அது பிடிக்கலை, ஏன்னா பேசுறப்போ அந்த லேபிளை ஞாபகப்படுத்தி அப்புறம் கா கீயா மாத்தணும், ரெண்டு வேலை. 'மேரீ கிதாப்'னு காதுல ஏறிட்டா, சீதாவோடயோ ரவியோடயோ, அந்த ஈ சத்தம் தானா வந்து 'கீ'ல ஒட்டிக்கும். மீசைக்கு 'மேரீ மூஞ்ச்'னு எழுதச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரிச்சா, அதுக்கப்புறம் அந்த வார்த்தை அவளுக்கு மறக்கவே இல்லை.

அப்புறம் கா கீ பயிற்சி, நான் சொன்ன மாதிரி எதிரும் புதிருமா வச்ச பேரும் பொருளும். விரலை கோடிட்ட இடத்துல வச்சு வலது பக்கம் நகத்தி, அந்த வார்த்தைக்கு மேரா மேரீ சொல்லிப் பாத்து, அப்புறம் எழுதணும். முதல்ல மெதுவா வந்துச்சு, ரெண்டு வாரத்துல விரல் இல்லாமலே வந்துச்சு. ஸ்கூல்ல அடுத்து வந்த ஷீட்டையும் அம்மா அனுப்பினாங்க, இந்தத் தடவை நேரா எடுத்த போட்டோ. கா கீ எல்லாம் சரி, 'மை ஜாதீ ஹூன்' சரி, ஹை எங்கயும் விடலை. ஐ போட்டுப் பாக்குற வழியால யாத்ராவும் பாஷாவும் சரி, தேவ்தா அந்த ஷீட்ல வரலை, நல்ல வேளை.

இன்னும் நிக்கிறது மெய்ல முடியுற வார்த்தைங்கதான். கண்ணுக்குச் சொல்ற ஆங்க், மூக்குக்குச் சொல்ற நாக் பெண்பால், காதுக்குச் சொல்ற கான், கைக்குச் சொல்ற ஹாத் ஆண்பால், எல்லாம் ஒரே முகத்துலயும் உடம்புலயும் இருக்குறதுதான், பாத்துக் கண்டுபிடிக்க வழி இல்லை. நாக், மேஸ் ரெண்டையும் இன்னும் ஆண்பாலா எழுதுறா. இப்ப பன்மை ஆரம்பிச்சிருக்காங்க, அது ஒரு வகைல நல்லது, ஏன்னா மெய்ல முடியுற பெண்பால் வார்த்தைக்கு பன்மைல 'ஏன்'னு மூக்கொலி சேரும், கிதாபேன், மேஸேன், ஆண்பாலுக்கு ஒண்ணும் சேராது, ஒரு கர், தோ கர். அவ 'தோ மேஸ்'னு எழுதினா மேஸ் இன்னும் ஆண்பாலாத்தான் தலைல இருக்குன்னு அந்த இடத்துலயே தெரிஞ்சிடும், தனியா பால் கேக்க வேண்டாம். அதனால இந்த மாசம் முழுக்க அவ நோட்ல படத்துக்குப் பக்கத்துல ரெண்டு காலம், மேரீ மேஸ், தோ மேஸேன். ராமோட வீட்டுல வர்ற 'கே'வை அரைப்பரீட்சை முடிஞ்சதும் எடுக்கலாம்னு அம்மாகிட்ட சொல்லிருக்கேன்.